pls, asap, thx: வேலை வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள டைல் பட்டறை, பழைய சாமான் கடை, பலகாரக் கடை, செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்கியவர்கள் எனப் பலருக்கு ஆர்டரும் கணக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். எல்லா வேலையும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது. "நான் என்ன தப்பாப் போட்டேன், அவர் ஏன் கோவிச்சுக்கிட்டார்?" என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

pls, thx-னு சுருக்கிப் போடுறது மரியாதைக் குறைவா? ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.

இல்லை. தினமும் பத்து முறை பேசிக்கொள்கிற இருவருக்குள் pls என்று வந்தால் யாரும் கவனிப்பதுகூட இல்லை. உறுத்துவது அந்த மூன்று எழுத்து அல்ல, அதைச் சுற்றி இருக்க வேண்டியது இல்லாமல் போவதுதான். யாரைக் கூப்பிடுகிறோம், என்ன வேண்டும், எப்போதைக்கு வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் pls கண்ணிலேயே படாது. மூன்றும் இல்லாமல் pls மட்டும் நின்றால் அதட்டுகிற மாதிரி இருக்கும்.

மூன்று சுருக்கங்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். thx பெரும்பாலும் ஆபத்தில்லாதது. pls இடத்தைப் பொறுத்தது. தகராறு வருவதெல்லாம் பெரும்பாலும் asap-ஆல்தான். அதனால் அதற்குத்தான் கீழே நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைங்க கண்டுபிடிச்சதுதானே?

இல்லை, உங்கள் அப்பா காலத்துக்கும் முந்தியது. தந்தியில் வார்த்தைக் கணக்கில் காசு. அதில் please-ஐ pls என்று சுருக்கினாலும் அது ஒரு வார்த்தைதான், காசு மிச்சமில்லை. அதனால் அந்த வார்த்தையையே விட்டுவிட்டார்கள். பின்னால், தட்டச்சு செய்தே செய்தி அனுப்புகிற டெலெக்ஸ் வந்தபோது இணைப்பு எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு காசு என்றானது. அப்போது ஒவ்வொரு எழுத்தும் செலவு, அதனால் PLS, TKS, RGDS எல்லாம் அலுவலக வழக்கமானது. ASAP அமெரிக்க ராணுவத்தில் 1950-களில் புழங்கி வெளியே வந்தது. அது ஆணையிடுகிற இடத்தில் பிறந்த சொல் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70-தான். இன்றைக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை, செலவும் இல்லை. அதனால்தான் சுருக்கினால் "என்ன அவசரம், முழுசா எழுத மனசில்லையா" என்று படிப்பவருக்குத் தோன்றுகிறது. சுருக்குவது நம் ஊருக்குப் புதிது இல்லை. நகரத்தார் கடைகளின் விலாசமே இரண்டு மூன்று தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகள்தானே. அதைச் சொல்லும்போது யாரும் மரியாதை குறைந்ததாக நினைத்ததில்லை.

'பில்லை அனுப்புங்க'ன்னு போட்டாப் போதாதா? pls-ம் சேர்க்கணுமா?

போதும். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியிலேயே உட்கார்ந்திருக்கிறது. "அனுப்புங்க" என்றாலே பாதி வேலை முடிந்தது, முன்னால் "அண்ணே" சேர்த்தால் முழுசாக முடிந்தது. "பில்லை அனுப்பு pls" என்று போட்டால் அந்த pls எதையும் காப்பாற்றாது. படிக்கிறவருக்கு "அனுப்பு" மட்டும்தான் காதில் விழும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் Send the bill என்பது அதிகாரமாக ஒலிக்கும், அதனால் அவர்களுக்கு please தேவை. அந்தப் பழக்கத்தில் நாமும் pls-ஐ ஒட்டிவிட்டு, நம் மொழியில் செய்ய வேண்டியதை விட்டுவிடுகிறோம். விடுதி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், அங்கே இருக்கிற சமையல்காரருக்கு "காலை டிபன் 8 பேர் pls" என்று போட்டார். தன் மகள் வயதுப் பெண் எண்ணிக்கையை மட்டும் எறிந்துவிட்டுப் போனதாக அவருக்குப் பட்டது. "அண்ணே, நாளைக்குக் காலையில 8 பேருக்கு டிபன் வேணும்" என்று போட்டிருந்தால் pls இல்லாமலே நன்றாக இருந்திருக்கும்.

pls-ஐ முன்னாடி போடறதா, பின்னாடி போடறதா?

முன்னாலோ நடுவிலோ. கடைசியில் தனியாகத் தொங்கினால் பொறுமையிழந்த தொனி வருகிறது. "pls அந்த ஸ்டாக் லிஸ்ட் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பது கோரிக்கை. "ஸ்டாக் லிஸ்ட் pls" என்பது கவுண்டரில் டோக்கன் கேட்பது.

இதைவிட மோசம், பதில் வராததால் பத்து நிமிஷம் கழித்து தனி மெசேஜாக "pls" மட்டும் அனுப்புவது. அதற்கு "இன்னுமா பண்ணலை?" என்றுதான் பொருள். நினைவூட்ட வேண்டுமென்றால் எதை நினைவூட்டுகிறோம் என்று சொல்லுங்கள்: "அண்ணே, காலையில கேட்ட ஸ்டாக் லிஸ்ட், ஆடிட்டர் 3 மணிக்குக் கூப்பிடுவார்."

asap-னு போட்டா மேஸ்திரி ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறார்? அவசரம்னுதானே சொன்னேன்?

நீங்கள் சொன்னது அவசரம். அவர் படித்தது "நீ மெதுவா வேலை பார்க்கிறே." asap-இல் நேரம் கிடையாது. "முடிந்த அளவு சீக்கிரம்" என்றால் எது முடிந்த அளவு என்று முடிவு செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. எப்போது கொடுத்தாலும் "இதைவிடச் சீக்கிரம் கொடுத்திருக்கலாமே" என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. வேலை தெரிந்த ஆளுக்கு அது எரிச்சலாக இருக்காதா?

ஆத்தங்குடி டைல் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீடு கட்டுகிற ஒருவருக்காகச் சென்னை அலுவலகத்திலிருந்து மாலை 7 மணிக்குப் பட்டறை குரூப்பில் வந்தது: "600 சதுர அடி டைல் ASAP அனுப்பவும். pls confirm." 10 அங்குல டைலில் அது 864 டைல், உடைவுக்குச் சேர்த்து 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கையால் செய்வது. கண்ணாடிமேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, உலர் கலவை தூவி, மேலே சிமெண்ட் கலவை அடைத்து எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்க வேண்டும், அப்புறம் காய வேண்டும். சூளையில் சுடுவது கிடையாது. அதனால் சூட்டைக் கூட்டி நாளைக் குறைக்க வழியே இல்லை. அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் லாரியிலேயே ஓரம் உதிரும்.

இத்தனையும் மேஸ்திரிக்குத் தெரியும். கேட்டவருக்கும் தெரியும் என்றுதான் அவர் நினைக்கிறார். அப்படியிருக்க, தெரிந்தும் ASAP என்று, அதுவும் பெரிய எழுத்தில் போட்டால், தண்ணீரில் ஊறும் நாளையும் தான்தான் இழுக்கிறோம் என்று சொல்கிறார்களோ என்று படுகிறது. அவர் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார். சென்னையில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போனில் கூப்பிட்டுக் கேட்டபோது விஷயம் வேறாக இருந்தது. கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார், முதலில் கூடத்தில் மட்டும்தான் பதிக்கப் போகிறார். அதற்கு 200 சதுர அடி, அதாவது 288 டைல் போதும். அதே டிசைனில் அவ்வளவு காய்ந்த சரக்கு பட்டறையிலேயே அடுக்கியிருந்தது. asap என்ற ஒரு சொல் எந்த நாள், எவ்வளவு, எதற்காக என்ற மூன்றையும் மூடி வைத்திருந்தது.

அப்ப நிஜமாவே அவசரம்னா எப்படித்தான் சொல்றது?

நாள், அளவு, காரணம், அப்புறம் முடியாவிட்டால் என்ன என்பது. மேலே சொன்ன ஆர்டரையே இப்படிப் போட்டிருக்கலாம்:

"அண்ணே, கொத்தனார் வியாழக்கிழமை கூடத்துல ஆரம்பிக்கிறார். கூடத்துக்கு மட்டும் 200 சதுர அடி புதன் சாயங்காலத்துக்குள்ள லாரியில ஏத்த முடியுமா? மீதி 400 ஊறிக் காஞ்சதும் அனுப்பினாப் போதும். முடியலைன்னா நாளைக்குக் காலையில 10 மணிக்குள்ள சொல்லுங்க, கொத்தனாரைத் தள்ளி வரச் சொல்லிடறேன்."

இதில் pls இல்லை, நன்றி இல்லை, ஆனாலும் யாரும் இதைக் கடுமையாகப் படிக்க மாட்டார்கள். கடைசி வாக்கியம்தான் முக்கியம். "முடியலைன்னா" என்று ஒரு வழி திறந்து வைத்ததால்தான் இது கட்டளை ஆகாமல் கேள்வியாக நிற்கிறது. இவ்வளவு அடிக்க நேரமில்லாத அளவுக்கு அவசரம் என்றால் அது மெசேஜ் போடுகிற விஷயமே இல்லை, கூப்பிட்டுப் பேசுங்கள்.

asap-ஐ அறவே விட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே மேசையில் இருக்கிறவர்கள், என்ன அவசரம் என்று இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம், பத்து நிமிஷ வேலை, இங்கெல்லாம் asap நன்றாகவே ஓடும். லாரி வாசலில் நிற்கும்போது "இ-வே பில் asap" என்றால் யார் கோபிக்கப் போகிறார்கள்?

முதலாளி சிங்கப்பூர்ல இருக்கார். காலங்காத்தால 'pls send by EOD, thx'னு மட்டும் வருது. கோவமா இருக்காரா?

அவர் வழக்கமாக எப்படி எழுதுவார் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போதும் இப்படித்தான் என்றால் அது அவருடைய கை, கோபம் இல்லை. எப்போதும் "தம்பி, எப்படி இருக்கே" என்று ஆரம்பிப்பவர் திடீரென்று இப்படிப் போட்டால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில், அவர் மீட்டிங்கில் இருப்பார் என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

அவர் கோபத்தைவிட, "நாள் முடிவதற்குள்" என்கிற அந்த EOD-தான் உங்களைச் சிக்க வைக்கும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவருக்கு மாலை 6 மணி என்றால் காரைக்குடியில் பிற்பகல் 3:30. நீங்கள் "நாள் முடிய" என்று 6 மணிக்கு அனுப்பினால் அங்கே இரவு 8:30. ஒரு முறை கேட்டுவிடுங்கள்: "உங்க நேரம் 6 மணிக்குள்ளன்னு எடுத்துக்கவா?" asap-இல் இருக்கிற அதே ஓட்டைதான், பெயர் மட்டும் வேறு.

thx போதுமா? thanks முழுசா போடணுமா? இல்ல நன்றின்னே போடறதா?

செய்த வேலையின் அளவுக்குப் போடுங்கள். ஃபைலை அனுப்பினார், thx. கேட்டைத் திறந்து வைத்தார், thx. ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையிலிருந்து கிளம்பி வந்து உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்தவருக்கு thx என்று போட்டால், போடாமலே இருந்திருக்கலாம்.

பெரிய உதவிக்கு வார்த்தையை நீட்டுவதைவிட, என்ன செய்தார் என்று சொல்வது மேல். "ஞாயித்துக்கிழமையும் பார்க்காம வந்தீங்கண்ணே, இல்லாட்டி இன்னிக்கு பில்லே போட்டிருக்க முடியாது" என்றால் நன்றி என்ற சொல்லே தேவைப்படாது. "நன்றி" என்று தனியாக ஒரு சொல் சில இடங்களில் மேடைப் பேச்சை முடித்து வைப்பது போலவும் ஆகிவிடுகிறது. அது என் காது, உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் தாராளமாகப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியது, வேலை நடக்கும் முன்பே போடுகிற thx. "சனிக்கிழமை வந்து கணக்கு முடிச்சுக் கொடுத்துடுங்க, thx" என்றால் அவர் சம்மதித்தாகிவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். மேலே "முடியலைன்னா" என்று திறந்து வைத்த வழியை இது சாத்திவிடுகிறது. முதலில் "முடியுமா?" போடுங்கள், பதில் வந்த பிறகு thx.

நான் பத்து வரி எழுதினேன். பதிலுக்கு 'k'ன்னு ஒரு எழுத்து. இதை என்னன்னு எடுத்துக்கறது?

பெரும்பாலும் "படிச்சேன், சரி" என்றுதான். ஆனால் k, ok, சரி, சரிங்க நான்கும் ஒன்றில்லை. ஒற்றை k-தான் இருப்பதிலேயே வறட்டுத்தனமாகப் படிக்கப்படுகிறது, ok நடுநிலை. "சரிங்க" என்பதில் மரியாதை தானாக வந்துவிடுகிறது, அடிக்கவும் ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. பத்து வரிக்கு நியாயமான பதில் என்றால் "சரிங்க, பார்த்துட்டு மதியம் சொல்றேன்" என்பதுதான். k-யில் அந்த "மதியம்" இல்லை, அதனால்தான் அனுப்பியவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களா?

பண்ணியிருக்கிறார்கள். 2024-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. ஸ்டான்ஃபோர்டு, டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுச் சோதனைகளில் 5,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். சுருக்கி எழுதுகிறவர்கள் மனப்பூர்வமாக எழுதவில்லை என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், அவர்களுக்குப் பதில் போடுவதும் குறைகிறது என்பது முடிவு. காரணம், சுருக்கியவர் அதிக முயற்சி எடுக்கவில்லை என்ற எண்ணம். அதற்கு முன் 2015-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் பார்த்தார்கள். ஒரு வார்த்தைப் பதிலின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால் அது மனமில்லாமல் சொன்னதாகப் படுகிறது. அதையே கையால் எழுதிய சீட்டில் வைத்தால் அப்படித் தோன்றவில்லை. ஆக "k."தான் மிக மோசம்.

ஆனால் இரண்டும் ஆங்கில மெசேஜ்களை வைத்துச் செய்தவை. முதல் ஆய்வில் பெரும்பகுதி நட்பு, பழக்க உரையாடல்கள், அலுவலகக் குரூப் அல்ல. நம் "-ங்க", "அண்ணே" எல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது. அதனால் முடிவை அப்படியே பட்டறை குரூப்புக்குக் கொண்டுவர முடியாது. முயற்சி தெரிய வேண்டும் என்ற பகுதி மட்டும் இங்கேயும் பொருந்துவதாக நான் நினைக்கிறேன்.

பலகாரம் போடுற ஆச்சிக்கு 'மனகோலம் 2 கிலோ pls'னு போட்டேன். பதிலே வரலை. கோவமா?

கோபமாக இருக்க வேண்டியதில்லை, அந்த ஆங்கில எழுத்து அவருக்குப் புரியாமலும் இருந்திருக்கலாம். சுருக்கம் என்பது இருவருக்கும் தெரிந்தால்தான் சுருக்கம். ஆச்சிக்கு எதற்கு எழுத்து? வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்: "ஆச்சி, வெள்ளிக்கிழமை ரெண்டு கிலோ மனகோலம் வேணும், ஒரு கிலோ தேன்குழலும் சேர்த்து. பையன் வந்து வாங்கிக்குவான்." குரலில் தொனி கேட்கும், சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு அளவையும் நாளையும் மட்டும் தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கள், கணக்குக்கு உதவும்.

நாற்பது பேர் இருக்கிற குரூப்ல ஆளாளுக்கு thx, thx-னு போடறாங்க. போடாட்டித் தப்பா நினைப்பாங்களா?

நாற்பது thx வந்தால் முக்கியமான மெசேஜ் மேலே போய்விடும். அங்கே மெசேஜின் மேல் அழுத்திப் பிடித்து ஒரு கட்டைவிரலோ கைகூப்பலோ வைத்தால் போதும். உங்களுக்காகவே ஒருவர் ஒன்றைச் செய்திருந்தால் மட்டும் அவருக்குத் தனியாகப் போடுங்கள். வயதில் பெரியவர்களில் சிலருக்குக் கட்டைவிரல் பிடிப்பதில்லை, கைகூப்பல் யாரையும் உறுத்தி நான் பார்த்ததில்லை.

எனக்கு வேகமா அடிக்க வராது. நீங்க சொல்றபடி நீளமா எழுதினா கடையை எப்பப் பார்க்கறது?

நீங்கள் சுருக்கமாகவே அடியுங்கள், போனை நீளமாக எழுத வையுங்கள். ஆண்ட்ராய்டில் Gboard இருந்தால் Settings > Dictionary > Personal dictionary என்று போய், மொழியைத் தேர்ந்து, + தட்டி, வாக்கியத்தையும் அதற்கான சுருக்கத்தையும் சேர்க்கலாம். ஐபோனில் Settings > General > Keyboard > Text Replacement. கடைக்கு WhatsApp Business வைத்திருந்தால் Quick replies இருக்கிறது, / அடித்தால் பட்டியல் வரும்.

mdm என்று அடித்தால் "முடியுமான்னு பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்று வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். pls, ok போல தினம் அடிக்கிற சொல்லையே சுருக்கமாக வைக்காதீர்கள், வேண்டாத இடத்திலெல்லாம் வந்து நிற்கும். ஐபோனில் இடைவெளி தட்டியதும் தானாக மாறிவிடும். Gboard-இல் மேலே வரும் பட்டையில் தொட்டால்தான் மாறும். அதைத் தொட மறந்தால் எதிராளுக்கு "mdm" என்றே போய்ச் சேரும், பார்த்துக்கொள்ளுங்கள்.